விசில் யார் பொறுப்பில்?

சூரியன் கிளம்புவதற்கும் திருத்தணியில் பஸ் கிளம்புவதற்கும் ஒரே வித்தியாசம்தான்: சூரியனுக்கு மானேஜர் கோதண்டபாணியின் விசில் வேண்டியதில்லை. வள்ளிமணாளன் மோட்டார் சர்வீஸின் டிரைவர், கண்டக்டர், கரி அள்ளிப் போடுகிறவன் எல்லோரும் அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிய காலம் அது. அடுப்பு பிடித்து, என்ஜின் முனகியதும், டிரைவர் வேடியப்பன் தலையை ஆட்டுவான். அப்புறம்தான் கோதண்டபாணி ஊதுவார். அந்தத் தலையாட்டலை அவர் கணக்கில் சேர்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு லீவு வேண்டியிருந்தது. பள்ளிப்பட்டில் மச்சான் துளசிங்கத்துக்குக் கல்யாணம். போன வருஷம் மச்சினி கல்யாணத்துக்கு, தான் போனால் சர்வீஸ் நின்றுவிடும் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். இந்தத் தடவை மனைவி கமலா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீங்க வரலைன்னா நான் அங்கியே தங்கிடுவேன். சோத்த உங்க பஸ்ஸுங்களே ஆக்கிப் போடட்டும்."

டைரக்டர் வேதாசல முதலியார் மனுவை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"ஒரு வாரமா? உன் எடத்துல யாரு?"

"செக்கிங் இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரங்க."

பஞ்சாட்சரத்தைக் கோதண்டபாணி யோசித்துத்தான் பொறுக்கியிருந்தார். காப்பியா டீயா என்று கேட்டால்கூட, பக்கத்திலிருப்பவன் என்ன குடிக்கிறான் என்று பார்க்கிற மனிதர் அவர். முதலியார் மனுவை மேலே வாசித்தார்.

"வண்டி கெட்டா மாத்து வண்டி விடறது, ஆளுங்களுக்கு லீவு, டிக்கெட்டு காசத் திருப்பறது, இதெல்லாம் அவன் முடிவு. டிக்கெட்டு கட்டணம், ஆள வேலைய விட்டு நிறுத்தறது, ஆக்ஸிடெண்டுன்னா என்கிட்ட வரணும். நல்லாத்தான் எழுதிக்கீற. கடைசியில இது இன்னா? 'எந்த முடிவானாலும் பள்ளிப்பட்டுக்கு ஆள் அனுப்பி என்னைக் கேட்ட பிறகே'?"

"ஒரு ஜாக்கிரதைக்குங்க."

"உன்னக் கேட்டுத்தான் செய்யணும்னா அவன் எதுக்குய்யா? தபால்காரன் போதுமே."

சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டு முதலியார் கையெழுத்துப் போட்டார். "சார்ஜ் குடுத்துட்டுப் போ. நீ வர்ற வரைக்கும் அவன் சொன்னதுதான். வந்தப்புறம் 'அத ஏன் அப்படிச் செஞ்சே'ன்னு அவங்கிட்ட சண்டைக்கு நிக்கக் கூடாது."

கோதண்டபாணி ஆபீஸ் சாவி, கரிக் கொட்டகைச் சாவி, டிக்கெட் கட்டுகள் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்.

"விசிலுங்க?" என்றார் பஞ்சாட்சரம்.

"அதெல்லாம் அப்புறம்."

விசில் கோட்டுப் பையிலேயே பள்ளிப்பட்டுக்குப் பயணம் போனது. கோதண்டபாணியின் கணக்கு சுலபமானது. மறுநாள் விசில் இல்லாமல் பஸ் கிளம்பாது. முதலியார் தலையில் கையை வைத்துக்கொள்வார். சைக்கிளில் ஆள் ஓடிவரும். சம்பந்திகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவரும்.

மறுநாள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு மத்தியான பஸ் வராது, வேணும்னா பாருங்க" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார்.

சந்தனக் கிண்ணத்தோடு போய்க்கொண்டிருந்த கமலா நின்றாள். "ஏன் வராது?"

"நான் இங்க இருக்கேனே."

"ஐயோ, மேளக்காரங்க அந்த பஸ்ஸுலதானே வராங்க! மாப்பிள்ளை அழைப்பு மேளமில்லாமலா?"

துளசிங்கம் எழுந்தே விட்டான். "இன்னா பாவா சொல்றீங்க?"

கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழுந்தார். திருத்தணி மலைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். முருகா, பஸ் வந்துவிடட்டும். வருஷக்கணக்காக விசில் ஊதியவர், முதல் தடவையாக அது இல்லாமலே வண்டி கிளம்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்கே போய் வெயிலில் நின்றார்.

முதலில் தவில் தெரிந்தது, கூரைமேல். அதன் கீழே பஸ் வந்தது, நேரத்துக்கு.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கண்டக்டர் துரைக்கண்ணுவைப் பிடித்தார். "விசில் இல்லாம எப்படிடா கிளம்புனீங்க?"

"இன்ஸ்பெக்டரு கையத் தட்டுனாருங்க."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க. அடுப்பு புடிச்சிகிச்சு, வேடியப்பன் தலைய ஆட்டிட்டான், இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு, போங்கடான்னுட்டாரு." துரைக்கண்ணு தலையைச் சொறிந்தான். "டைரக்டரு ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க. நீங்க அவசரப்பட வேணாமாம். இன்னொரு வாரம் வேணும்னாலும் இருந்துட்டு வரலாமாம்."

"கேட்டீங்களா, எவ்ளோ நல்ல மனுஷன்!" என்றாள் பின்னாலேயே வந்திருந்த கமலா. அவளோடு சம்பந்தி வீட்டார் பாதிப்பேர் வந்திருந்தார்கள்.

பஸ் திருத்தணிக்குத் திரும்பும் நேரம். இத்தனை பேர் பார்க்கும்போது சும்மா நிற்க முடியுமா? கோதண்டபாணி கோட்டைச் சரிசெய்தார், விசிலை எடுத்தார், கண்ணை மூடி மார்பு நிறைய மூச்சை இழுத்து ஊதினார்.

பஸ் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தது.