முதலில் அவனிடம்தான் சொன்னான்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் நெட்டையன், கண்ணாடி என்ற பட்டப்பெயர்க்காரர்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு. பதினோரு வருஷமாக ஒரே ஜோடி. ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நிற்பான். மற்றவன் மொட்டைமாடி மெஷின் அறையில் நின்று, கீழிருந்து வரும் குரலுக்குத் தகுந்தபடி கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவான். ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் என்பது அந்தத் தொழிலில் வெறும் பேச்சு இல்லை.

அன்று காலை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"டேய், கிடைச்சிருச்சுடா. பெரிய ஆஸ்பத்திரியில பன்னிரண்டு லிஃப்டுக்கும் நான்தான் பொறுப்பாம். இன்னும் வீட்டுக்குக்கூட சொல்லல."

நெட்டையன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அந்த விளம்பரம் அவனுக்கும் தெரியும். மனுவை எடுத்துப் பாதி எழுதி, 'நமக்கெல்லாம் எங்க தரப்போறாங்க' என்று மேஜை இழுப்பறையில் போட்டவன் அவன். கை கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"அட, வாழ்த்துகள்டா" என்றான். கையும் குலுக்கினான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"முதல் வருஷம் கான்ட்ராக்ட்தான்..."

"பார்த்துக்கோ. அங்க மெஷின் எல்லாம் அரதப் பழசாமே, உயிரை வாங்கிடும். நோயாளி உள்ள மாட்டிக்கிட்டா உன் தலையைத்தான் உருட்டுவாங்க. ஆமா, உள்ள யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

அக்கறையாகக் கேட்பதாகத்தான் அவனே நினைத்துக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இருந்த முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் கண்ணாடி, ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி, "பெரிய வேலைன்னு சொல்ல முடியாதுடா. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றான். அதைக் கேட்டதும் நெட்டையனுக்கு நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல். பிற்பாடு அவனைக் குத்திக்கொண்டே இருந்தது அந்த ஆறுதல்தான்.

நெட்டையன் வீட்டில் சொன்னபோது அவன் மனைவி, "நல்லவேளை, அண்ணனுக்கு ஒரு வழி பொறந்துச்சு. அவங்க முழங்கால் வலிக்கு எத்தனை நாள்தான் மொட்டைமாடி வரைக்கும் படியேறுவாங்க?" என்றாள். முழங்கால் வலி! தினமும் கூடவே நிற்பவனுக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

பிரிவு விருந்தில் ஈடுகட்டப் பார்த்தான். எழுந்து நின்று, இவனை மாதிரி மெக்கானிக் உலகத்திலேயே கிடையாது என்று அளந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடி மட்டும் தட்டைப் பார்த்தபடி சிரித்தான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனம் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கே போனான். கண்ணாடி அவனுக்கு மெஷின் அறையைச் சுற்றிக் காட்டினான். தரை பளிச்சென்று இருந்தது. மோட்டார்கள் புத்தம் புதியவை.

"டேய், அன்னைக்கு எனக்குப் பொறாமையா இருந்துச்சுடா" என்று போட்டு உடைத்தான் நெட்டையன்.

"தெரியும்டா."

"தெரியுமா?"

"பதினோரு வருஷமா உன் குரலை மட்டும் கேட்டுத்தானே லிஃப்டை நகர்த்தினேன். எனக்குத் தெரியாதா?" கண்ணாடி சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பொறாமைப்பட்டது தப்பில்லடா. உன் இடத்துல நானும் பட்டிருப்பேன். அன்னைக்கு உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சொல்றப்ப, கான்ட்ராக்ட்தான், பழைய மெஷின்தான்னு நீ கேட்டதையே நானும் சொன்னேன். என் வீட்டுக்காரியும் பயந்துட்டா. சந்தோஷத்துல யாரும் குதிக்கவே இல்ல."

நெட்டையன் அவன் கையைப் பிடித்தான். மன்னிப்புக் கேட்டான். "அட விடுடா" என்று தோளில் தட்டினான் கண்ணாடி. உண்மையாகவே தட்டினான். இருவரும் டீ குடித்தார்கள்.

அடுத்த வருஷம் கண்ணாடிக்கு வேலை நிரந்தரமானது. உதிரிபாகக் கடைக்காரர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். நெட்டையன் கடை வாசலிலேயே நின்று போன் போட்டான். இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம்டா. உனக்குத்தான் கிடைக்கணும்" என்றான். அதில் ஒரு பொட்டுக் கலப்படம் இல்லை.

"தேங்க்ஸ்டா. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான் கண்ணாடி.

எப்போது கிடைத்தது என்று நெட்டையன் கேட்கவில்லை. கடைக்காரர் சொல்லிவிட்டிருந்தார், அது நடந்து ஒரு மாதமாகிறது என்று.