நிறம் போன வரைபடம்

நாலாம் மாடியில் அவனைக் கேப்டன் என்று கூப்பிட்டது மரியாதையால் அல்ல. தீ விபத்து ஒத்திகைக்கு மாடிக்கு ஒரு ஆள் பொறுப்பெடுக்க வேண்டும் என்று காப்பீட்டு அலுவலகம் கேட்டபோது எல்லோரும் கணினித் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். தலையைப் புதைக்க ஒரு நொடி தாமதித்தவன் அவன். மஞ்சள் மேலங்கியும் ஒரு விசிலும் அவன் தலையில் வந்து விழுந்தன.

புதியவள் சேர்ந்த அன்று காலை அவன் முன்னால் முடிக்க வேண்டிய கோப்புகள் குவிந்து கிடந்தன. இரண்டு ஊன்றுகோல்களை மேசையில் சாய்த்துவிட்டு அவள் அவனிடம் கேட்டாள்.

"அண்ணே, மணி அடிச்சா நான் எங்க போகணும்? லிஃப்ட் நின்னுடுமாமே?"

லிஃப்ட் பக்கத்துச் சுவரில் மாடியின் வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. எழுந்து, அவளைக் கூட்டிப் போய் அதன் முன்னால் நிறுத்திக் காட்டியிருக்கலாம். அவன் மட்டும் போய் ஒரு படம் எடுத்து வந்தான். ரசீதுகளை நகலெடுக்கும் செயலியில்தான் எடுத்தான். கை பழகிய செயலி. அது படத்தின் ஓரத்தைத் தானாகவே வெட்டி, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு அனுப்பினான்.

"இந்தத் தடித்த கோடு தீ தாங்குற சுவர். அம்புக்குறி வெளியே போற வழி. கை வச்ச மாதிரி இருக்கிறது மணி அடிக்கிற பெட்டி."

"இந்தப் புள்ளி நான் நடந்தா கூடவே நகருமா?"

"அது என்ன டாக்சி செயலியா? நகராதுமா. படம் மாட்டியிருக்கிற இடம் அது. உங்க மேசை இதோ, இங்க."

அவள் சிரித்தாள். அவனுக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"சரி, நான் எங்க போகட்டும்?"

"சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கில்ல, அங்க போய் இருங்க. ஆள் வர்ற வரைக்கும் நகராதீங்க. நான் வந்து பாத்துட்டுதான் கீழே போவேன்."

"ரொம்ப தூரமா?"

"ரெண்டு விரல் தூரம்," என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டிவிட்டுத் தன் கோப்புகளுக்குத் திரும்பினான்.

வரைபடத்தில் சக்கர நாற்காலி இரண்டு இடத்தில் இருந்தது. பச்சைச் சதுரத்துக்குள் இருந்தது படிக்கட்டுக் கூடத்துக்குள் உள்ள புகலிடம். தீக்கதவுக்கு அந்தப் பக்கம், புகை எளிதில் புகாது, சுவரில் பேசும் கருவி உண்டு, மீட்க வருகிறவர்களும் அங்கேதான் முதலில் தேடுவார்கள். நீலச் சதுரத்துக்குள் இருந்தது கழிப்பறை. எது எதுவென்று சொல்லும் குறி விளக்கம் படத்தின் அடியில் ஒரு பட்டையாக இருந்தது. தூரத்தைச் சொல்லும் அளவுகோல் கோடும் அதே பட்டையில்தான். செயலி வெட்டி எறிந்தது அந்தப் பட்டையைத்தான். நிறமும் போன பிறகு இரண்டு நாற்காலியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன.

அடுத்த வாரம் ஒத்திகை. வெளியே தூறல். மணி அலறியதும் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்கள். கேப்டன் விசிலை ஊதினான். கழிப்பறைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும், புகலிடத்தை எட்டிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவன் இறங்க வேண்டும். புகலிடம் தாழ்வாரத்தின் மறுமுனைப் படிக்கட்டில் இருந்தது. வெறும் ஒத்திகைதானே என்று கூட்டத்தோடு பக்கத்துப் படியில் இறங்கிவிட்டான்.

வாகன நிறுத்தத்தில் பாதுகாப்பு அதிகாரி குடைக்கடியில் நின்றாள்.

"நாலாம் மாடி?"

"எல்லாரும் வந்தாச்சு மேடம். புகலிடத்துல ஒருத்தங்க இருக்காங்க."

அவள் கையிலிருந்த கருவியில் புகலிடத்தைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. "யாரும் பேசலயே?"

"எந்தப் பொத்தான்னு தெரியாம இருக்கும் மேடம். நான் பாத்துட்டுதான் வந்தேன்."

வாய் அவ்வளவு இலகுவாகச் சொன்னது. பொய் என்று அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இருவரும் மேலே போனபோது புகலிடம் காலியாக இருந்தது. அதிகாரிதான் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கழிப்பறையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி புதியவள் நின்றிருந்தாள். தாழ்கூடப் போடவில்லை.

"தீ அணைஞ்சிடுச்சா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு இருவர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? மன்னிச்சிடுங்க அண்ணே. நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க, நான்தான் மக்கு."

"பரவாயில்லம்மா," என்றான் கேப்டன்.

அந்தச் சொல் அன்று முழுக்க அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. வீட்டில் மனைவி இரண்டு முறை கேட்டாள். தலைவலி என்றான். படுத்தால், கைப்பிடிக் கம்பியும் அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன. நெருப்பு நிஜமாக இருந்திருந்தால் அவள் புகைக்குள் நின்று அவன் வருவான் என்று காத்திருந்திருப்பாள். வெளியே தூறலில் அவன் பத்திரமாக நனைந்துகொண்டிருந்திருப்பான்.

மறுநாள் அதிகாரி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். மேசைமேல் சுவரிலிருந்து கழற்றிய வரைபடம் கிடந்தது.

"நான் சுத்தி வளைச்சுப் பேசல," என்றாள் புதியவளிடம். "மணி அடிச்சா தப்பான இடத்துல போய் நிக்கிறீங்க, அதனால உங்களக் கீழே வரவேற்பு மேசைக்கு மாத்தச் சொல்லி எழுதப் போறேன்."

"மேடம், நான் கோப்பு சரிபார்க்கிற வேலைக்குப் படிச்சு வந்தவ. கீழே வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லவா படிச்சேன்?"

கேப்டன் குறுக்கிட்டான். "மேடம், தப்பு என்னோட படத்துல." போனை எடுத்து, கழற்றிய வரைபடத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினான். "பாருங்க, இதுல நிறமும் இல்ல, கீழே இருக்கிற விளக்கமும் இல்ல. ரெண்டுக்கும் ஒரே குறி. கழிப்பறை பக்கத்துல இருக்கு, அங்க போயிட்டாங்க. அளவுகோல் இருந்திருந்தாகூட எது பக்கம், எது தூரம்னு கேட்டிருப்பாங்க."

சொன்னதும் மனம் லேசானது. இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தான்.

அதிகாரி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேர்மையா ஒத்துக்கிட்டீங்க, நல்லது. ஆனா ஒண்ணு இடிக்குதே. நீங்க இவங்களப் புகலிடத்துல பாத்தீங்க. அப்போ சரியான இடத்துக்குப் போய்ட்டு, நடுவுல கிளம்பிக் கழிப்பறைக்கு வந்திருக்காங்க. நகரக் கூடாதுன்னு சொன்ன பிறகும். என் பயமே அதுதான்."

"நான் அங்க போகவே இல்ல மேடம்," என்றாள் புதியவள்.

"அவர் பாத்திருக்காரே."

புதியவள் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான்தான் எதையோ மறந்துவிட்டேன் என்று யோசிப்பவளின் முகம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பாக்கல," என்றான்.

"என்னது?"

"நான் பாக்கல மேடம். புகலிடத்துக்கும் போகல, ஒரு கழிப்பறைக் கதவையும் தட்டல. மழைல உங்ககிட்ட பொய் சொன்னேன். அவங்க நான் சொன்ன மாதிரியேதான் நின்னாங்க. நகரல."

அதிகாரி பேனாவை மூடினாள். நேர்மையைப் பற்றி இந்த முறை அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மேலங்கியும் விசிலும் இங்க வந்துடணும். எச்சரிக்கை கடிதம் வரும்." புதியவளிடம், "நீங்க உங்க மேசைக்கே போங்க," என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவன் அவளுக்காகக் கதவைப் பிடித்தான். அவள் தாண்டிப் போய், சற்றுத் தள்ளி நின்றாள்.

"கதவத் தாழ் போடாமதான் வச்சிருந்தேன்," என்றாள். "நீங்க வந்தா தேட வேணாமேன்னு."

"மன்னிச்சிடும்மா."

"அந்தப் படம் தப்பா வந்தது பரவாயில்ல." ஊன்றுகோல்களைச் சரியாக ஊன்றிக்கொண்டாள். "மத்தது எனக்குத் தெரியல."

அன்று மாலை அவள் அதிகாரியோடு தாழ்வாரத்தின் மறுமுனை வரை நடந்து, தீக்கதவைத் தள்ளிப் பார்த்து, பேசும் கருவியை அழுத்திப் பழகிக்கொண்டாள். ஊன்றுகோல் சத்தம் அவன் மேசையைக் கடந்து போனது, திரும்பி வந்தது. அவன் திரையைவிட்டுத் தலை தூக்கவில்லை. பொறுப்பு அவளுக்கு நேரெதிர் மேசைக்காரிக்குப் போனது. யார் வேண்டும் என்று அதிகாரி புதியவளைக் கேட்டாளாம். அவளே விரல் நீட்டிக் காட்டினாளாம்.