தொண்ணூறு நாள் முத்திரை

மேனேஜருக்கு அலுவலகத்தில் மேதாவி என்று பெயர். வயிற்றெரிச்சலில் யாரோ வைத்த பெயர்தான். அவர் மட்டும் அதைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் சர்வர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு நாளாக அப்படிக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு மருத்துவமனையின் இரண்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் பழைய பதிவுகள் காணாமல் போயிருந்தன. ஒரு கிழவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டார்கள். எந்தத் தேதியில் அழிந்தது என்றும் பேக்கப்பே சொல்லிவிட்டது. அன்றைக்கு டியூட்டி சர்வர்க்காரியுடையது. போதாதா?

"லாக் பாக்கலாம் சார். யார் அழிச்சாங்கன்னு அதுல இருக்கும்" என்று அன்றே சொன்னாள்.

"ஏழு நாள் லாக்தாம்மா இருக்கும். நம்ம பிளான் அப்படி. போன வருஷத்துலேர்ந்தே அதுதான்" என்றார் மேதாவி, உதட்டைப் பிதுக்கி. அழிந்து அப்போதே பத்து நாள் ஆகியிருந்தது. தேடல் பக்கத்தைத் திறந்தாள். பட்டியலில் ஒரு மணி நேரம், ஒரு நாள், ஏழு நாள், அவ்வளவுதான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

வீட்டில் கணவன் தட்டைப் பார்த்தபடி, "நீயே கை தவறி அழிச்சிருப்பியோ? யோசிச்சுப் பாரேன்" என்றான். அலுவலகத்தில் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

இன்று பதினொரு மணிக்கு விசாரணை. வேலை போகும், பெயரும் சேர்ந்து போகும். கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று லாக் சேவையின் பிளான் பக்கத்தைத் திறந்தாள். இலவசம் என்றால் மூன்று நாள், நடுவில் ஏழு நாள், மேலே தொண்ணூறு நாள். அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு: 'பிளானை மாற்றினால், புதிய கெடு அதன்பின் வரும் பதிவுகளுக்கு மட்டுமே. முன்பே வந்தவை, வந்த நாளின் கெடுவரை இருக்கும். கெடு முடிந்து அழிந்தவற்றை மீட்க முடியாது.'

அட, பாவி மனுஷா! ஏழு நாள் என்பது எப்போதிலிருந்து? தேடல் பக்கத்துக்கு ஓடி, பட்டியலை விட்டுவிட்டு, இருபத்தாறு நாள் முந்தைய தேதியைக் கையாலேயே அடித்தாள்.

மீட்டிங் அறையில் முதலாளியம்மா, மேதாவி, இவள். மேதாவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆதாரம் இல்ல மேடம். ஆனா டியூட்டில இருந்தது இவங்கதான். வேற யாரு பண்ணியிருக்க முடியும்?"

சர்வர்க்காரி லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். கடந்த ஏழு நாள் பதிவுகள் நிறைந்திருந்தன. அதற்கு முன்னால் பதினெட்டு நாள் வழித்துத் துடைத்த மாதிரி வெறுமை. அதற்கும் முந்திய நாட்களில் மறுபடி வரிவரியாகப் பதிவுகள். அதில் ஒரு வரியைச் சுட்டினாள். காலை 11.14. நோயாளிப் பதிவுகள் அழிப்பு, 2,306. செய்தவர்: மேனேஜர்.

"இது எப்படி இருக்கும்?" மேதாவி எழுந்தே விட்டார். "மறுநாளே தொண்ணூறை ஏழு நாளாக் குறைச்சிட்டேனே!"

"போன வருஷத்துலேர்ந்தே ஏழு நாள்தான்னு என்கிட்டயும் சொன்னீங்களே?" என்றார் முதலாளியம்மா.

மேதாவி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கை தவறி அழித்ததைக்கூட மன்னிக்கலாம். தடயத்தை அழிக்கக் கிளம்பிய அறிவாளி, நாலு வரிக் குறிப்பைப் படிக்கவில்லை! குறைத்த அன்றிலிருந்து வந்தவைதான் ஏழேழு நாளில் போயின. அவருடைய திருட்டுத்தனம் மட்டும் தொண்ணூறு நாள் முத்திரையோடு பத்திரமாக உட்கார்ந்திருந்தது. த்தூ, இதற்குப் பெயர் மேதாவியாம்.

"மேல் பிளானுக்கே மாத்திடும்மா. நடுவுல போனதும் வந்துடும்ல?" என்றார் முதலாளியம்மா.

"வராது மேடம். போனது போனதுதான்."

மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் அவள் மறுபடி சர்வர்க்காரி ஆனாள். ஆளாளுக்கு வந்து பல்லிளித்தார்கள். சாயங்காலம் கணவன் போன் செய்தான்.

"எனக்கு அப்பவே தெரியும், நீ பண்ணியிருக்க மாட்டேன்னு."

"கை தவறி அழிச்சிருப்பியோன்னு கேட்டது யாரு?"

"அட, அது எப்பவோ சொன்னது. இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே?"

"உங்களுக்கு ஏழு நாள்தான் போல" என்றாள் அவள். "எனக்கு அப்படிக் கெடுவெல்லாம் கிடையாது." போனை வைத்துவிட்டாள்.