ஒன்பது மதிப்பெண் போன இடம்

அந்தப் பள்ளியில் கத்தரி சாரைப் பற்றிச் சொல்லாத கதை கிடையாது. அரை மதிப்பெண்ணைக்கூட நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார் என்பார்கள். அவர் திருத்திய விடைத்தாள் கட்டைத் தூக்கினால் வெட்டுப்பட்ட மதிப்பெண்கள் தரையில் உதிருமாம், பெருக்குகிற அம்மா வாளியோடு வந்து அள்ளிப் போவாளாம். பொய் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த அம்மாவே சத்தியம் செய்வாள்.

அவருக்கு நேர் எதிர், அள்ளி டீச்சர். பிள்ளை பெயரைச் சரியாக எழுதியிருந்தாலே அள்ளிக் கொடுத்துவிடுவார் என்று பெயர்.

இந்த இரண்டு பேரும் ஆண்டுத் தேர்வுக் கணக்குத் தாளைத் திருத்தினார்கள். அ பிரிவு அள்ளி டீச்சருக்கு, ஆ பிரிவு கத்தரி சாருக்கு. இரண்டையும் ஒப்பிட்டுச் சமன் பார்த்து, அதன்பிறகு இறுதித் தரம் கணக்கிடுவது கணக்குத் துறைத் தலைவியான பெரிய டீச்சரின் வேலை. கேள்வித்தாள், அதற்கான திருத்தக் குறிப்பு எல்லாமே அவர் தயாரித்தவை. தரப் பட்டியல் நாலு மணிக்குள் தலைமையாசிரியை மேசைக்குப் போக வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு அவர் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தார். அ பிரிவு சராசரி அறுபத்து மூன்று. ஆ பிரிவு ஐம்பத்து நாலு. ஒன்பது மதிப்பெண் மாயம்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? போன வருஷமே பெத்தவங்க வந்து சண்டை போட்டாங்க. இந்தத் தடவையும் இப்படின்னா அவருக்கு இனிமே பேப்பர் கிடையாது. நீங்க ஆ பிரிவுக்கு எல்லாருக்கும் ஒம்போது போட்டுட்டு முடிங்க டீச்சர்."

"மேடம், தொண்ணூத்தஞ்சு வாங்கினவனுக்கு ஒம்போது போட்டா நூத்தி நாலு வரும்."

"அவனுக்கு மட்டும் நூறுலயே நிறுத்திடுங்க."

"வித்தியாசம் பிள்ளைங்களாலயா, திருத்தினவங்களாலயான்னு முதல்ல பார்க்கணும் மேடம். ஒரு மணி வரைக்கும் டைம் குடுங்க."

மேடம் பெருமூச்சு விட்டுப் போனார். மேசையிலிருந்த காகிதங்கள் இரண்டு அங்குலம் நகர்ந்தன.

பெரிய டீச்சர் முதலில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் இருபது கேள்விகளை மட்டும் கூட்டிப் பார்த்தார். அதில் எந்த வள்ளலும் கொடுக்க முடியாது, எந்தக் கஞ்சனும் பிடிக்க முடியாது. இரண்டு பிரிவுக்கும் சராசரி பதினாறு. போன பருவத் தேர்விலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, பிள்ளைகள் சமம். திருத்தியதில்தான் எங்கோ கோளாறு.

அந்தப் பள்ளியில் விடைத்தாள்மேல் மதிப்பெண் போடுவதில்லை. தனிச் சீட்டில் எழுதி முகப்பில் குத்திவைப்பார்கள். அவர் ஒவ்வொரு பிரிவிலும் மேலே இரண்டு, நடுவே இரண்டு, கீழே இரண்டு என்று ஆறு ஆறு தாள் எடுத்தார். சீட்டுகளைக் கழற்றினார். அள்ளி டீச்சர் திருத்தியதைக் கத்தரி சாருக்கும், கத்தரி சார் திருத்தியதை அள்ளி டீச்சருக்கும் கொடுத்தார்.

"மறுபடியுமா அக்கா?" என்றார் அள்ளி டீச்சர். "நான் கனவுலயும் வகுத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மேடம் சொன்னது கத்தரி சார் காதுக்கும் வந்திருந்தது. பேனா மூடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதுதான் என்னோட கடைசிக் கட்டுன்னா, ஒழுங்கா திருத்திடறேம்மா."

இருபத்தாறு வருஷமாகப் பேப்பர் கட்டை மடியில் வைத்துத் தூங்கின மனுஷர். மனைவி கோபித்துக்கொண்டால் அதையும் பத்துக்கு இத்தனை என்று எடைபோடுகிறவர்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய சீட்டும் புதிய சீட்டும் கேள்வி கேள்வியாக வரிசைக்கு வந்தன. பெரிய டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் அரை, மிஞ்சினால் ஒன்றுதான் வித்தியாசம். அள்ளி டீச்சர் அள்ளவே இல்லை. கத்தரி சார் கத்தரிக்கவே இல்லை. பள்ளிக்கூடமே இத்தனை வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறது!

கடைசி இரண்டு பெரிய கணக்குகளில் மட்டும் பள்ளம். தலா பத்து மதிப்பெண். அள்ளி டீச்சர் ஆறு, ஏழு என்று போட்ட இடமெல்லாம் கத்தரி சார் முட்டை.

"சார், இந்தப் பையன் எல்லாப் படியும் சரியா போட்டிருக்கான். கடைசியில கூட்டல் மட்டும்தான் தப்பு. ஏன் பூஜ்யம்?"

"படிக்கு மார்க் போடச் சொல்லி இல்லையேம்மா. மத்த கேள்விக்கெல்லாம் இருக்கு, இந்த ரெண்டுக்கும் இல்லை. சரி, விடை மட்டும் பார்க்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன். சரின்னா பத்து, தப்புன்னா முட்டை. எனக்கே மனசு கேக்கலை. ஆனா எழுதாததை நான் எப்படிக் கொடுக்கிறது?"

கத்தரி சார் கோப்பிலிருந்து தம் திருத்தக் குறிப்பை உருவி நீட்டினார். அவர் எந்தத் தாளையும் தூக்கிப் போடுகிறவரல்லர். பேருந்துச் சீட்டுகூட வருஷவாரியாக இருக்கும்.

பெரிய டீச்சர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் பால்போல வெள்ளை.

அள்ளி டீச்சர் தம்முடையதைத் திருப்பினார். அதில் இரண்டு கணக்குக்கும் படிவாரியாக மதிப்பெண் நிறைந்திருந்தது.

அன்றைக்கு அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியதும், இரண்டாம் பிரதியைத் தாமே மறுபடி செருகியதும், மணி அடித்துவிட்டதே என்று திருப்பிப் பார்க்காமல் மடித்துக் கொடுத்ததும் பெரிய டீச்சருக்கு ஒரே நொடியில் ஞாபகம் வந்தன. காது சூடானது. அந்தச் சூட்டில் ஒரு டம்ளர் டீ போட்டிருக்கலாம்.

எல்லாருக்கும் ஒன்பது போட்டுவிட்டால் பத்து நிமிஷ வேலை. வெள்ளைப் பக்கம் கோப்புக்குள் போய்விடும். கத்தரி சார் கத்தரி சாராகவே வீட்டுக்குப் போவார்.

"தப்பு என்னுது சார்," என்றார் சத்தமாக, தமக்கே கேட்கட்டும் என்பதுபோல. "பின்பக்கம் அச்சே ஆகலை. நான் பார்க்காம குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

கத்தரி சார் வெள்ளைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கோபம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் கொடுமைக்காரன் இல்லையா?"

"இல்லவே இல்லை சார்," என்றார் அள்ளி டீச்சர். "என்னைவிட அரை மார்க் தாராளம். எனக்கு அவமானமா இருக்கு."

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தெட்டுத் தாள், ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு கணக்கை மட்டும் கத்தரி சார் சரியான குறிப்போடு மறுபடி திருத்தினார். பேனா பறந்த வேகத்தில் மின்விசிறியே வெட்கப்பட்டு நின்றது. மின்சாரம் போயிருந்தது என்பது வேறு விஷயம். ஒவ்வொரு ஐந்தாவது தாளையும் அள்ளி டீச்சர் சரிபார்த்தார். பெரும்பாலோருக்கு ஏறியது. கணக்கையே தொடாதவர்களுக்கு ஏறவில்லை. ஒரு பையனுக்கு மட்டும் இறங்கியது: படியே இல்லாமல் விடையை மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்தவன். குறிப்புப்படி விடைக்கு இரண்டு. பத்து இரண்டானது.

"பாருங்க, இவனுக்குப் போய் மேல ஒம்போது போட்டிருப்போம்!" என்று கத்தரி சார் குழந்தைபோலச் சிரித்தார்.

புதிய சராசரி அறுபத்திரண்டு. மூன்றரை மணிக்கு, தேர்வுக்கு அறுபது சதவீதம், ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு நாற்பது சதவீதம் என்று கணக்கிட்டுத் தரம் போட்டார் பெரிய டீச்சர். கூடவே ஒரு பக்க அறிக்கை: என்ன நடந்தது, யார் தவறு, எப்படிச் சரிசெய்தோம்.

மேடம் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "அந்த ஒரு மார்க் வித்தியாசம்?"

"அது பிள்ளைங்களோடது மேடம். அதுல நாம கை வைக்கக் கூடாது."

மேடம் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷக் கட்டு யாருக்கு என்ற பட்டியலில் அடித்திருந்த பெயரை மறுபடி எழுதினார், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

பெரிய டீச்சர் ஓய்வறைக்குத் திரும்பியபோது இரண்டு பேரும் போயிருந்தார்கள். அறிக்கையின் நகல் மேசைமேல் இருந்தது. 'தவறு என்னுடையது' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் பத்துக்கு ஒன்பதரை. அடியில் பொடி எழுத்தில்: 'நன்றிம்மா. தேதி போடவில்லை, அதற்கு அரை.'

அவர் தேதியைப் போட்டார். அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.