‘சரி’ என்ற பதிலுக்கு இடமில்லை

பிரவீன்ராஜ் தயாரித்த சோதனைப் பட்டியலில் நாற்பத்தாறு வரிகள் இருந்தன. ஸ்ரீரங்கத்தில் உள்ள அந்தக் கண் ஆஸ்பத்திரியின் தர மேலாளர் அவர். முப்பத்தொன்றாவது வரி, ‘சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா?’ அடுத்தது, ‘லென்ஸ் சரியானதா?’ கடிகாரத்துக்கும் கண்ணுக்கும் ஒரே மரியாதை.

எழுதியவர் தன் கணவர் என்பதால் அறிவுமதி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். ஆபரேஷன் தியேட்டரின் பொறுப்பு நர்ஸ் அவள்தான். ஆனால் சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. போன மாதம் கண்புரை ஆபரேஷனில் வீரமலை என்பவருக்கு வேறொருவரின் லென்ஸை வைத்துவிட்டார்கள். அவருடைய தாளில் நாற்பத்தாறு டிக்கும் அழகாக விழுந்திருந்தன, எல்லாம் டீ குடிக்கும்போதே போட்டவை. கீழே அவள் கையெழுத்து. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று அவளுக்கு மெமோ வந்தது. அதை டைப் செய்தவரும் பிரவீன்ராஜ்தான். அன்று கே.கே. நகர் வீட்டில் அவருக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

“உங்க லிஸ்ட்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பேஷண்டுக்குப் பார்வை தானா வந்துடும்ங்க.”

“ஒவ்வொண்ணாப் படிச்சுப் படிச்சுச் செய்யணும் அறிவு. அதான் முறை.”

“மெஷினுக்கு அது சரி. புதுசா வந்த டெக்னீஷியன் ஒரு வரி படிக்கட்டும், ஒரு ட்யூப் மாட்டட்டும். மெஷின் மாட்டறதுக்கான தாளை நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. தினம் முப்பது கண்ணு பண்ற டாக்டருக்கு எதுக்கு அது? அவரு வேலைய அவரு வழக்கப்படி செய்யட்டும். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் நிக்கணும். ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் பார்த்துச் சொல்லணும். தப்பினா கண்ணு போற விஷயம் மட்டும் போதும்.”

“அப்ப நீயே எழுதேன்.”

எழுதினாள், ஆறே வரிகள். திங்கட்கிழமை காலை, நோயாளி யாரும் வருவதற்கு முன் ஒத்திகை வைத்தாள். யாருக்கும் சொல்லாமல், தாளில் இருந்த எண்ணுக்குப் பொருந்தாத லென்ஸ் பெட்டியைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

“லென்ஸ் சரியா?”

“சரி சிஸ்டர்,” என்றாள் நர்ஸ் பானுப்ரியா. பெட்டியின் பக்கம் கண் போகவே இல்லை.

“சரி சரி,” என்றார் டாக்டர் மன்சூர், கைபேசியைப் பார்த்தபடி.

வாசலில் நின்ற பிரவீன்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். “நாப்பத்தாறு சரியை ஆறு சரியாக் கொறைச்சிருக்க. பெரிய சாதனை!”

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்தவரை நக்கல் செய்த வாய்க்கு இது வேண்டியதுதான். கேள்வியே ‘சரியா’ என்று கெஞ்சினால் யார்தான் இல்லை என்பார்கள்? அன்று மாலை ஆறு வரிகளையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். ‘சரி’ என்று பதில் சொல்ல முடிகிற கேள்வி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் பெயர் என்ன? ஊர் எது? எந்தக் கண்? தாளில் லென்ஸ் பவர் எண் என்ன? பெட்டியில் என்ன? என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது? முகத்தைத் துணியால் மூடுவதற்கு முன்பே நோயாளி தன் விவரங்களைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை டாக்டர் மன்சூர் முகம் சுளித்தார். “ஏம்மா, அட்டெண்டன்ஸ் எடுக்கறியா? இருபது வருஷமா பண்றேன்.”

“வீரமலைக்கும் இருபது வருஷ அனுபவத்துலதான் சார் பண்ணினோம்.”

டாக்டர் தாளின் பக்கம் திரும்பினார். அறிவுமதி மேசையில் படுத்திருந்த அம்மாளிடம் குனிந்தாள். “பேரு சொல்லுங்கம்மா.”

“ரெங்கம்மாள்.”

“எந்த ஊரு? எந்தக் கண்ணு?”

“ஜீயபுரம் தாயி. சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணு, வலது.”

“என்ன மருந்தும்மா ஒத்துக்காது?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“சார், தாள்ல லென்ஸ் நம்பர்?”

“ரெங்கம்மாள், ஜீயபுரம், வலது கண். பத்தொன்பது.”

“பானு, பெட்டியில?”

பானுப்ரியாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. ஆனால் சொல்வதற்கு எண் வேண்டுமே. குனிந்து பார்த்தாள். “இருபத்தொன்னரை...”

அறிவுமதி பெட்டியை வாங்கினாள். பெட்டியைத் திருப்பினால் ரெங்கம்மாள், ஸ்ரீரங்கம் என்று ஒட்டியிருந்தது. ரங்கநாதர் ஊரில் ஒரே நாளில் இரண்டு ரெங்கம்மாள் வருவது அதிசயமே இல்லை. முதலில் வர வேண்டிய ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் இவரை முன்னால் கொண்டுவந்தார்கள். ஆளை மாற்றியவர்கள் பெட்டியை மாற்றவில்லை.

“என்னம்மா, எம்பேர்ல எதாச்சும் தப்பா?” என்றார் ரெங்கம்மாள்.

“உங்க பேர்ல ஒண்ணுமில்லம்மா. எங்க புத்தியிலதான்,” என்றார் மன்சூர். சரியான பெட்டி வந்ததும் பானுவை அவரே எண்ணை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அன்று மாலைக்குள் மெமோ ரத்தானது. பிரவீன்ராஜ் பேனாவோடு தியேட்டர் வாசலுக்கு வந்தார், முகத்தில் புது மாப்பிள்ளை வெட்கம்.

“அறிவு, பிரமாதம். இதுல ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்கறேன். சுவர்க் கடி...”

“சேத்துக்கங்க. இந்த ஆறுல எதை எடுக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் ஆறையும் மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடி கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “இன்னிக்கு ரசம் மட்டும்தானா?” என்றார்.