சிவப்புக் கோடு தொடங்கிய நேரம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அளவுகோல் என்றுதான் கூப்பிட்டார்கள். தரப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மருந்துக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைச் சரிபார்ப்பதும், எங்கேயாவது தப்பு நடந்தால் விசாரித்து அறிக்கை எழுதுவதும் அவள் வேலை. வாய் திறந்து பேசவே கூச்சப்படுவாள். கையில் விசாரணைப் படிவம் இருந்தால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கேயோ போய்விடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, தடுப்பூசிக் குளிர்பெட்டி பதினைந்து டிகிரி காட்டியது. எட்டைத் தாண்டவே கூடாது. அதன் பிளக் தரையில் கிடந்தது. உள்ளே இருந்த நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகளும் வீண். அன்று காலை அந்த மருந்து ஸ்டோர் அறையைக் கழுவிய துப்புரவுப் பணியாளரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். காரணம் அவர்தான் என்று முடிவுரையில் வந்தால், நிறுத்தி வைத்த வேலை ஒரேயடியாகப் போய்விடும்.

முதலில் ஸ்டோர்கீப்பரை விசாரித்தாள்.

"அந்தம்மாதான் பிடுங்குச்சு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

"பிடுங்கினதைப் பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமா என்ன? பிளக் கீழ கெடக்குதே!"

"அப்போ, 'பிளக் தரையில் கிடந்ததைப் பார்த்தேன்'னு எழுதிக்கிறேன்."

"எழுதிக்கோ தாயி. உங்கிட்ட ஒரு வாக்கியம் சொன்னா அரை வாக்கியம்தான் மிஞ்சுது."

காவலாளியிடம் சாவிப் பதிவேடு இருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஸ்டோர் பூட்டப்பட்டது. திங்கள் காலை ஆறு முப்பத்தைந்துக்குத் துப்புரவுப் பணியாளர் சாவி வாங்கியிருக்கிறார். நடுவில் யாரும் வாங்கவில்லை.

"நல்ல மனுசிங்க அது," என்றார் காவலாளி. "அதையும் எழுதுவீங்களா?"

"அது கருத்து அண்ணே. நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க."

"நல்ல மனுசியாத்தான் பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுதவில்லை.

துப்புரவுப் பணியாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் எப்போதும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். படிவத்துக்கு முன்னால் அப்படிக் கூப்பிடாமலே கேள்வியைத் தொடங்கினாள்.

"நான்தான் பிடுங்கினேன் பாப்பா. அந்த ரூம்ல இருக்கறதே ஒரு பிளக் பாயின்ட். தரை கழுவுற மெஷினுக்கு வேற எங்க போக? எப்பவும் மறக்காமத் திரும்பப் போட்டுருவேன். அன்னிக்குன்னு பாத்து சின்னவ போன் பண்ணா, ஸ்கூல் வேன் வரலன்னு. பேசிக்கிட்டே வெளிய வந்துட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

போனை எடுத்து நீட்டினார். ஆறு நாற்பத்தேழு.

"பிளக்கை எப்பப் பிடுங்கினீங்க?"

"அதுக்கு ரெண்டு நிமிசம் முன்னால இருக்கும். எல்லாத்தையும் எழுது. நான் செஞ்சதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நானூறு கொழந்தைங்களுக்கான மருந்துன்னு சொல்றாங்க பாரு... மூணு நாளா சோறு எறங்கல."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவள் அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். 'கவனக்குறைவாகப் பிளக்கை அகற்றினார்' என்று விரல் தானாக அடித்தது. கவனக்குறைவு என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை அழித்தாள். '6.45 மணியளவில் பிளக்கை அகற்றினார்' என்பது மட்டும் நின்றது. நேரத்தைப் பார்த்ததும் மனதில் ஒன்று நெருடியது. பிளக் பிடுங்கப்பட்டது ஆறே முக்காலுக்கு. கண்டுபிடித்தது ஏழரைக்கு. குப்பிகள் நிறைந்த, மூடிய குளிர்பெட்டி முக்கால் மணி நேரத்தில் ஐந்திலிருந்து பதினைந்துக்கு ஏறுமா?

பெட்டிக்குள் இருக்கும் பதிவுக்கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். அதை வரைபடமாக அச்செடுத்தாள். நீலக் கோடு சனிக்கிழமை மாலை நாலு பத்து வரை ஐந்தில் கிடந்தது. பிறகு ஏறியது. இரவுக்குள் பதின்மூன்றைத் தொட்டு, ஞாயிறு முழுக்க அங்கேயே நின்றது. திங்கள் ஆறே முக்காலுக்கு மறுபடி கொஞ்சம் ஏறியது, பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்கு.

அக்கா சாவி வாங்குவதற்கு ஒன்றரை நாள் முன்பே மருந்து கெட்டுவிட்டது.

அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. நாலு பத்துக்கு என்ன நடந்தது?

அதே தாளில் ஒரு சிவப்புக் கோடும் இருந்தது. பதிவுக்கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, வருடத்துக்கு ஒருமுறை இன்னொரு கருவியின் ஒயரோடு கூடிய வெப்ப உணரியை இரண்டு நாள் உள்ளே வைத்து ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தான் அவள் சிவப்பையும் சேர்த்திருந்தாள். ஒத்துத்தான் போயின. சிவப்புக் கோடு நாலு பத்துக்குத் தொடங்கியது.

வைத்தது அவள்தான்.

மெல்லிய ஒயரைக் கீல் பக்கமாக விட வேண்டும் என்பது விதி. மெல்லிய ஒயர் கொண்ட உணரி அன்றைக்கு வேறு கட்டிடத்தில் இருந்தது. தடித்த ஒயரைக் கைப்பிடிப் பக்கமாக விட்டு, கதவை அழுத்திச் சாத்தினாள். மூடியது போலத்தான் இருந்தது. சோதனை நடக்கும்போது வீணாகக் கத்த வேண்டாம் என்று எச்சரிக்கை மணியையும் அணைத்தாள். திங்கட்கிழமை கலவரத்தில் ஒயரை உருவிச் சுருட்டிப் பையில் போட்டதும் அவள்தான். அளக்க வந்த கருவியையே யாராவது சந்தேகப்படுவார்களா?

காலியாக ஓடிக்கொண்டிருந்த குளிர்பெட்டியில் அதே ஒயரை அதே இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு காகிதத் துண்டைக் கதவின் ரப்பரில் செருகி இழுத்துப் பார்த்தாள். மற்ற இடங்களில் காகிதம் பிடித்துக்கொண்டது. ஒயருக்குப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்தாள். பன்னிரண்டு டிகிரி.

வெள்ளிக்கிழமை காலை கண்காணிப்பாளர் வரைபடத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களேம்மா. அப்புறம் எதுக்கு இவ்வளவு தோண்டுற?"

"பிளக்கைப் பிடுங்கினதைத்தான் ஒத்துக்கிட்டாங்க சார். மருந்து அதனால கெடல."

"அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். இந்த அறிக்கைய நான் முடிக்கக் கூடாது. இப்போ நானும் ஒரு சாட்சி. வேற யாருக்காவது மாத்திக் குடுங்க."

 அவர் போனை எடுத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைவியைக் கூப்பிட்டு, விசாரணையை அவரிடம் ஒப்படைத்தார்.

அவள் தன் இடத்துக்கு வந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். நாலாவது வாக்குமூலம். 'மிகுந்த கவனக்குறைவாலும் மன்னிக்க முடியாத அலட்சியத்தாலும்' என்று தொடங்கினாள். நின்றாள். அடுத்தவருக்கு அழித்த சொல்லைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, 'தடித்த ஒயரைக் கைப்பிடிப் பக்கமாக விட்டுக் கதவைச் சாத்தினேன். எச்சரிக்கை மணியை அணைத்தேன். நேரம் மாலை 4.10' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அடுத்த புதன்கிழமை அறிக்கை வந்தது. பிளக் அகற்றப்பட்டது இழப்புக்குக் காரணமல்ல. ஒயரால் கதவு முழுமையாக மூடாததே காரணம். அறைக்கு இன்னொரு பிளக் பாயின்ட் தேவை. அவள் நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது.

அக்கா வேலைக்குத் திரும்பிய காலையில், முடிவுரையை அவளே படித்துக் காட்டினாள்.

"அப்போ மருந்து என்னால கெடலியா பாப்பா?"

"இல்லக்கா."

"வேற யாராலயாம்?"

"என்னால."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிப்பாவி," என்றார். பிறகு பக்கத்தில் வந்து, "சோறு எறங்குதா உனக்கு?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லையென்று.

"வா," என்றார் அக்கா. "டப்பாவுல ரெண்டு பேருக்கு இருக்கு."