கோடை குணசுந்தரி

திருவள்ளூரில் கலர் சோடா கம்பெனி வைத்திருந்த முனிகிருஷ்ணன், அந்த வருஷம் கோடைக்கு மட்டும் விற்கவென்று மூன்று புது ருசிகளைத் தயாரித்துவிட்டு, விற்பனைக்காரன் லோகநாதனைக் கூப்பிட்டார்.

"மாம்பழம், எலுமிச்சைன்னு எல்லா கம்பெனிக்காரனும் வெச்சிருக்கான். நம்ம பேரக் கேட்டாலே வெயில் காலம்னு தெரியணும். கேட்டவன் மறக்கவும் கூடாது. நல்ல பேரா வெச்சின்னா நீதான் சேல்ஸ் மேனேஜரு."

மேனேஜர் நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. கடம்பத்தூருக்கும் திருப்பாச்சூருக்கும் சைக்கிள் மிதித்தே கறுத்துப்போன லோகநாதனுக்கு அதன்மேல் ஒரு கண். வெயிலையும் ஆள் பெயரையும் யாரும் மறப்பதில்லை, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யோசித்தான். சித்திரை முனிகிருஷ்ணன், வேனல் வேணுகோபால், கோடை கோதண்டன்!

லேபிளில் தன் பெயரைப் பார்த்ததும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பேரச் சொல்லிக் கேக்கறவங்களுக்குத்தான் குடுக்கணும். அப்பத்தான் மனசுல நிக்கும்" என்று சட்டமே போட்டுவிட்டார்.

அமாவாசைக் கூட்டத்தில் கோயில் குளத்தருகே கடை போட்டார்கள். முதல் ஆளாக முதலாளியின் மனைவி செங்கம்மாள் வந்தாள். அவள் கண் சித்திரை பாட்டில் மேல்தான். ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்லும் பெண் அந்த ஊரில் ஏது? பின்னால் வரிசை நெருக்கியது. அவளுக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"எனக்கு வேணுகோபாலக் குடுங்க" என்றாள் கடைசியில்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளியின் முகம் செத்துவிட்டது.

"ஊரு பாக்க என் பொண்டாட்டி எவனையோ கேக்கறா! ஆம்பள பேரே வாணாம், எல்லாம் பொம்பள பேரா மாத்து. என் ஊட்டுப் பேரு மட்டும் அதுல வந்துச்சு, தொலைச்சுடுவேன். நாளைக்குள்ள வெக்கலன்னா மேனேஜர் வேலைய மறந்துடு."

சித்திரை சிந்தாமணி கிடைத்தாள், வேனல் வேதவல்லியும் கிடைத்தாள். கோடைக்குத்தான் ஆள் அகப்படவில்லை; தோன்றிய பெயரெல்லாம் முதலாளி வீட்டில் யாருக்காவது இருந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவன், கதவைத் திறந்த மனைவி குணசுந்தரியைப் பார்த்ததும் பிழைத்தோம் என்று நினைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

பழைய லேபிளை ஊறவைத்து உரித்துப் புதியதை ஒட்டினார்கள். சரக்கு பறந்தது. அதிலும் கோடை குணசுந்தரிக்கு அடிதடி. லோகநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். காற்று சுகமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மனைவியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். பெட்டிக்கடையில் லாரிக்காரன் ஒருவன் கத்தினான்.

"சில்லுனு ஒரு குணசுந்தரி எடுப்பா! நேத்தும் இவதான், மத்தவளுங்க யாரும் இவ கிட்ட நிக்க முடியாது!"

குணசுந்தரி விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். லோகநாதனுக்குக் காது எரிந்தது. அந்த ஆளை அடிக்கவும் முடியாது, கம்பெனிக்கு நல்ல வாடிக்கை.

வீட்டுக்கு வந்ததும் நாக்கு வறண்டு, "குணசுந்தரி, கொஞ்சம் தண்ணி குடேன்" என்றான்.

"பஸ் ஸ்டாண்டுல போய்க் கேளுங்க" என்றாள் அவள் அடுப்பங்கரையிலிருந்து. "ஊருக்கே குடுத்துக்கினு இருக்கீங்களே, உங்களுக்கு மட்டும் கடைக்காரன் இல்லைன்னா சொல்லப்போறான்?"